மேலாளர் ஒப்புதல் நிலுவையில் நிற்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையை முடித்து அனுப்பிவிட்டேன். மூன்று நாளாக "Pending Approval" என்றே காட்டுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மேலாளருக்கு எழுதுவதற்கு முன் அந்த வேலையின் வரலாற்றுப் பதிவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான செயலிகளில் அது "History" அல்லது "Activity" என்ற பெயரில் இருக்கும். அதில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: கோரிக்கை இப்போது யாருடைய பெயரில் நிற்கிறது, எந்த நேரத்தில் அவருக்குப் போனது, அதன் பிறகு யாராவது அதைத் தொட்டிருக்கிறார்களா.

"நிலுவை" என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கும். கோரிக்கை அவரிடம் போய்ச் சேராமலே இருக்கலாம்: பழைய மேலாளரின் பெயருக்குப் போயிருக்கும், அல்லது நீங்கள் சேமித்துவிட்டு "Submit" அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். போய்ச் சேர்ந்தும் அவர் கண்ணில் படாமல் இருக்கலாம். பார்த்திருப்பார், ஆனால் முடிவெடுக்கத் தேவையான ஒரு தகவல் உள்ளே இல்லாததால் "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கியிருக்கலாம். நான்காவது, அவர் விடுப்பிலோ பயணத்திலோ இருக்கலாம்.

இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதுக்கு நினைவூட்டல் அனுப்பிப் பயனே இல்லை, பெயரை மாற்ற வேண்டும். இரண்டாவதுக்கு மட்டுமே வெறும் நினைவூட்டல் வேலை செய்யும். மூன்றாவதுக்கு விடுபட்ட தகவலைச் சேர்க்க வேண்டும். நான்காவதுக்கு மாற்று ஒப்புதலாளர் வேண்டும். எது என்று தெரியாமல் நான்கு முறை நினைவூட்டுவதில்தான் நாட்கள் வீணாகின்றன.

என் வேலை யார் யாரைத் தாண்டிப் போகிறது என்றே புரியவில்லை. இந்தப் படிகளை எப்படிப் படிப்பது?

இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவா, ஒரே நேரத்தில் பலருக்குப் போகின்றனவா? பலருக்குப் போகிறதென்றால் ஒருவர் சரி என்றால் போதுமா, எல்லோரும் சொல்ல வேண்டுமா?

ஒன்றன்பின் ஒன்றாக வரும் அமைப்பில், முன்னவர் முடிக்கும்வரை பின்னவருக்கு அந்தக் கோரிக்கை போயே இருக்காது. சரிபார்ப்பவர் படியிலேயே நின்றுகொண்டிருக்கும் வேலைக்காக மேலாளரைக் கேட்டால், "என்னிடம் எதுவும் வரவில்லையே" என்பார். அவர் சொல்வது சரிதான்.

ஒரே நேரத்தில் பலருக்குப் போகும் அமைப்பில் சிக்கல் வேறு மாதிரி. உதாரணத்துக்கு, வேலைப் படிகளைத் தானாக இயக்கும் Microsoft செயலியான Power Automate-இல் ஒப்புதல் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் "Approve/Reject - First to respond" என்றும் "Approve/Reject - Everyone must approve" என்றும் இருக்கும். முதல் வகையில் யார் முதலில் பதில் தருகிறாரோ அத்தோடு முடிந்தது. மூவருக்குப் போயிருந்தால், மற்ற இருவரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே நினைத்துவிடுவது இங்கே சகஜம். ஆகையால் நினைவூட்டலை மூவருக்கும் பொதுவாக அனுப்பாமல் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது வகையில் எல்லோரும் ஏற்க வேண்டும், ஒருவர் நிராகரித்தாலும் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். இதில் யார் இன்னும் பதில் தரவில்லை என்று பார்த்து அவரை மட்டும் கேட்க வேண்டும். ஏற்கெனவே பதில் தந்தவருக்கும் சேர்த்து நினைவூட்டினால், அடுத்த முறை உங்கள் நினைவூட்டலை அவர் படிக்காமலே ஒதுக்குவார்.

எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு நினைவூட்டலாம்? ஒரு நாளா, இரண்டு நாளா?

நாள் கணக்கை அனுப்பிய நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். வேலை முடிய வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு வேலையை எடுத்து முழுதாகப் பார்ப்போம்.

ஒரு பொருளின் பெட்டியில் ஒட்டும் லேபிளின் இறுதி வடிவம் வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். நீங்கள் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஒப்புதல் வந்த பிறகு அச்சுக்கான கோப்பைத் தயார்செய்ய 3 மணி நேரம் பிடிக்கும். ஆக, வியாழன் மதியம் 1 மணிக்குள் இறுதி ஒப்புதல் கையில் இருந்தாக வேண்டும்.

அதுதான் கெடு என்று பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் மேலாளர் முதல் முறையே சரி என்று சொல்லிவிடுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. "எடை அளவைப் பெரிய எழுத்தில் போடுங்கள்" என்று அவர் திருப்பி அனுப்பினால், திருத்த அரை நாள், அவர் மறுபடி பார்க்க அரை நாள் என்று ஒரு வேலை நாள் போய்விடும். அதையும் கழித்தால் அவருடைய முதல் பதில் புதன்கிழமை மதியம் 1 மணிக்குள் உங்களுக்கு வந்தாக வேண்டும். உண்மையான கெடு இதுதான். கோரிக்கையில் எழுத வேண்டிய நேரமும் இதுதான், வியாழன் மாலை 4 மணி அல்ல.

இப்போது திங்கள் 11 மணிக்கும் புதன் 1 மணிக்கும் நடுவே பாதி வழி எது? செவ்வாய் நண்பகல் 12 மணி. முதல் நினைவூட்டலுக்கு அதுவே நேரம். அதற்கு முன், திங்கள் மாலையே வரலாற்றுப் பதிவைப் பார்த்து, கோரிக்கை சரியான பெயரில்தான் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. செவ்வாய் மாலைவரை பதில் இல்லையென்றால், புதன் காலை வேலை தொடங்கியதும் இரண்டாவது நினைவூட்டல். இம்முறை செயலியில் எழுதாமல் நேரில் அல்லது தொலைபேசியில். புதன் 1 மணியும் தாண்டிவிட்டால் இனி நினைவூட்டல் இல்லை. மாற்று ஒப்புதலாளரிடம் போவதா, அச்சகத்திடம் நேரம் கேட்பதா என்று முடிவெடுக்கும் நேரம் வந்துவிட்டது.

கெடுவே இல்லாத வேலைகளும் இருக்கும். அவற்றுக்கு இரண்டு வேலை நாட்கள் விட்டு ஒரு முறை கேட்பது போதும்.

நினைவூட்டலில் என்ன எழுத வேண்டும்? "சார், அந்த அப்ரூவல் கொஞ்சம் பாருங்க" என்று எழுதினால் பதிலே வருவதில்லை.

அந்த வரியைப் படிக்கும் மேலாளர் எந்த ஒப்புதல் என்று தேட வேண்டும், கோப்பைத் திறக்க வேண்டும், போன முறைக்கும் இதற்கும் என்ன மாறியது என்று ஒப்பிட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கைபேசியில் பார்ப்பவரால் அது முடியாது. தள்ளிவைப்பார், பிறகு மறந்துபோவார்.

அவர் அந்தச் செய்தியை மட்டும் படித்தே முடிவெடுக்க முடிய வேண்டும். லேபிள் வேலைக்கு இப்படி எழுதலாம்:

"சார், வணக்கம். லேபிளின் இறுதி வடிவத்துக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். போன வடிவத்திலிருந்து மாறியவை இரண்டு: எடை அளவு முன்பக்கத்துக்கு வந்திருக்கிறது, பழைய தொலைபேசி எண் நீக்கப்பட்டிருக்கிறது. சரிபார்ப்பு நேற்றே முடிந்தது. திருத்தம் இருந்தால் செய்ய நேரம் வேண்டும் என்பதால் புதன் மதியம் 1 மணிக்குள் உங்கள் பதில் தேவை. அதைத் தாண்டினால் வியாழக்கிழமை அச்சுக்கு அனுப்ப முடியாமல் போகலாம். இணைப்பு கீழே."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. என்ன முடிவு வேண்டும் என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. மாறியது என்ன என்று சொல்வதால் முழுக் கோப்பையும் அவர் மறுபடி படிக்க வேண்டியதில்லை. நேரமும் அந்த நேரத்துக்கான காரணமும் சேர்ந்தே வருகின்றன. காரணம் சொல்லாத கெடு கட்டளை மாதிரி ஒலிக்கும். "அவசரம்" என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் அவசரம் என்று எழுதுபவரின் உண்மையான அவசரத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது நினைவூட்டலைப் புதிய செய்தியாகத் தொடங்க வேண்டாம். முதல் செய்திக்கே பதிலாக எழுதுங்கள். முழு விவரமும் அடியிலேயே இருக்கும், மேலே இரண்டு வரி போதும்.

அவர் திறந்து பார்த்தது பதிவில் தெரிகிறது. ஆனால் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என்ன செய்வது?

ஏதோ ஒன்று அவரைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "பார்த்தீர்களா?" என்று கேட்காதீர்கள், பார்த்துவிட்டார். "இதில் எது தெளிவாக இல்லை?" என்று கேளுங்கள். அதைவிட நல்லது, உங்களுக்கே சந்தேகமாகத் தோன்றும் இடத்தை நீங்களே எடுத்துச் சொல்வது: "தொலைபேசி எண்ணை நீக்கியது பற்றி யோசிக்கிறீர்களா? வாடிக்கையாளர் சேவைப் பிரிவு கேட்டுக்கொண்டதால்தான் நீக்கினோம், அவர்கள் கடிதத்தை இணைத்திருக்கிறேன்."

இப்படி நிற்கும் கோரிக்கைகளில் அடிக்கடி காணும் காரணம் இன்னொன்று உண்டு. முடிவு அவருடைய அதிகாரத்துக்குள் வருகிறதா என்று அவருக்கே நிச்சயமில்லை. செலவு வரம்பைத் தாண்டும் விஷயங்களிலும், வேறொரு பிரிவைப் பாதிக்கும் விஷயங்களிலும் இது நேரும். "இதை உங்கள் அளவிலேயே முடிக்கலாமா, அல்லது வேறு யாருடைய ஒப்புதலும் சேர்க்க வேண்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டால், பல நாள் மௌனம் ஒரே பதிலில் முடிந்துவிடும்.

மேலாளர் விடுப்பில் போய்விட்டார். அவருடைய கடவுச்சொல் உதவியாளரிடம் இருக்கிறது, அதை வைத்து அழுத்தச் சொல்லலாமா?

கூடாது. பதிவில் மேலாளர் பெயரில் அந்த நேரத்தில் ஒப்புதல் என்று ஏறிவிடும். அவரோ அந்த நேரத்தில் பயணத்தில் இருந்திருப்பார். பின்னால் தணிக்கையில் இது வெளிவந்தால் அந்த ஒரு ஒப்புதல் மட்டுமல்ல, அவர் பெயரில் உள்ள மற்ற ஒப்புதல்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

சரியான வழி பொறுப்பு ஒப்படைப்பு. செயலியில் "Delegate" அல்லது "Reassign" என்ற வசதி இருந்தால், மேலாளரே விடுப்புக்கு முன் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டு ஒருவரை நியமிக்கலாம். அவர் மறந்துவிட்டால் செயலியின் நிர்வாகி மாற்றிக்கொடுக்க முடியும். அதற்கு மேலாளரிடமிருந்தோ அவருக்கு மேலே இருப்பவரிடமிருந்தோ எழுத்தில் ஒரு வரி தேவைப்படும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல செயலிகளில் ஒப்படைப்பு என்பது அதன் பிறகு வரும் கோரிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே அவர் பெயரில் நிற்பவை அங்கேயே நிற்கும். அவற்றைத் தனியாக மாற்ற வேண்டியிருக்கும். மாற்று ஆள் நியமித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே கோரிக்கை அதே இடத்தில் நிற்பதைப் பார்ப்பவர்கள் நிறைய.

மாற்று ஒப்புதலாளராக உங்களையே போட்டால் ஏற்க வேண்டாம். தான் அனுப்பியதைத் தானே ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்தப் படியே இருப்பதற்கான காரணம்.

நடைபாதையில் பார்த்தபோது "சரி, போடுங்க" என்றார். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாமா?

எளிதில் திரும்பப் பெறக்கூடிய வேலையானால் ஆயத்தங்களைத் தொடங்கலாம். லேபிளை அச்சடிப்பது மாதிரி ஒரு முறை போனால் திரும்பாத வேலையானால் பதிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். வாய்ச்சொல்லில் இருக்கும் ஆபத்து அவர் மறந்துவிடுவார் என்பது மட்டும் இல்லை. அவர் எந்த வடிவத்தை மனதில் வைத்து சரி என்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. போன வாரம் பார்த்த வடிவமாகவும் இருக்கலாம்.

அன்றைக்கே, பேச்சு சூடு ஆறுவதற்குள், கோரிக்கையின் கருத்துப் பகுதியில் எழுதிவிடுங்கள்: "இன்று காலை பேசியபடி மூன்றாம் வடிவத்துக்கு வாய்மொழியாகச் சம்மதம் தந்தீர்கள். செயலியிலும் பதிவுசெய்தால் அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன்." வடிவத்தின் எண்ணைக் குறிப்பிடுவது முக்கியம்.

"இன்று மாலைக்குள் பதில் இல்லையென்றால் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதும் பழக்கமும் சிலரிடம் உண்டு. மௌனம் சம்மதம் என்று முன்கூட்டியே விதி வகுத்திருந்தால் ஒழிய, அது செல்லாது. நீங்களாக ஒரு செய்தியில் அந்த விதியை உருவாக்க முடியாது.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பிழை கண்ணில் பட்டது. கோப்பைத் திருத்திவிடலாமா?

திருத்துவதற்கு முன், உங்கள் செயலி அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றில் திருத்தியதும் எல்லா ஒப்புதல்களும் ரத்தாகி முதல் படிக்குப் போய்விடும். மென்பொருள் எழுதுபவர்கள் GitHub-இல் இதைப் பார்த்திருப்பார்கள். அங்கே "Dismiss stale pull request approvals when new commits are pushed" என்ற அமைப்பு இயங்கினால், புதிய மாற்றம் சேர்ந்தவுடன் பழைய ஒப்புதல் நீங்கிவிடும். வேறு சில செயலிகளில் கோப்பு மாறினாலும் ஒப்புதல் அப்படியே நிற்கும். இரண்டாவதுதான் மோசம். மேலாளர் பார்த்தது ஒன்று, அவர் பெயரில் வெளியே போவது வேறொன்று.

ஆகவே கோரிக்கையை "Recall" அல்லது "Withdraw" செய்து, திருத்தி, மாற்றத்தை ஒரு வரியில் எழுதி, மறுபடி அனுப்புங்கள். அவர் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று பதிவு காட்டினால் முதலில் ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். பாதி படித்துக்கொண்டிருக்கும்போது கோப்பு காணாமல் போனால் யாருக்கும் எரிச்சல் வரும்.

திருப்பி அனுப்பியதும் நிராகரித்ததும் ஒன்றுதானே?

இல்லை. திருப்பி அனுப்பினால் அதே கோரிக்கை உயிரோடு இருக்கும், திருத்தி மறுபடி அனுப்பலாம். நிராகரித்தால் பெரும்பாலும் அது மூடப்படும், புதிதாகத் தொடங்க வேண்டும். திருத்தம் கேட்க நினைத்து "Reject" அழுத்திவிடும் மேலாளர்கள் உண்டு. கருத்துப் பகுதியில் "இதை மாற்றி அனுப்பவும்" என்று இருந்தால் அவர் நினைத்தது திருப்பி அனுப்பலைத்தான். புதிய கோரிக்கையில் பழையதன் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.

அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாமா? புறம் சொன்னதாக ஆகிவிடாதா?

அவருக்குத் தெரியாமல் போனால்தான் புறம். லேபிள் கணக்கில் புதன் 1 மணி தாண்டியும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மேலாளருக்கே எழுதுங்கள்: "சார், உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று புரிகிறது. அச்சு நேரம் தவறாமல் இருக்க, 3 மணிவரை பார்த்துவிட்டு இந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும் பிரிவுத் தலைவரிடம் கேட்கட்டுமா?" பெரும்பாலும் இந்தச் செய்திக்கே ஒப்புதல் வந்துவிடும், அல்லது "கேளுங்கள்" என்று வரும். இரண்டும் நல்லதே.

3 மணிக்கும் மௌனம் என்றால், மேலே எழுதும் செய்தியில் மேலாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் நடந்தவற்றைத் தேதியும் நேரமுமாகச் சொல்லுங்கள்: திங்கள் 11-க்கு அனுப்பினேன், செவ்வாய் 12-க்கு நினைவூட்டினேன், புதன் காலை தொலைபேசியில் முயன்றேன். "தாமதம் செய்கிறார்", "கண்டுகொள்ளவில்லை" போன்ற சொற்கள் வேண்டாம். கடைசியில் தேவையான முடிவை மட்டும் கேளுங்கள்: நீங்கள் ஒப்புதல் தர முடியுமா, அல்லது அச்சு நேரத்தைத் தள்ளிவைக்கட்டுமா?

இதையெல்லாம் கையால் செய்யாமல், செயலியே நினைவூட்டும்படி வைக்க முடியாதா?

முடியும், ஆனால் கால அளவு எப்படி எண்ணப்படுகிறது என்று தெரியாமல் வைத்தால் தப்பான நேரத்தில் அடிக்கும். Power Automate-இல் "Start and wait for an approval" என்ற படியின் அமைப்பில் காத்திருப்பு நேரத்தை இப்படிக் கொடுக்கலாம்:

```
P2D
```

இது இரண்டு நாள் என்று பொருள். ஆனால் அது நாட்காட்டி நாள், வேலை நாள் அல்ல. வெள்ளி மாலை 5 மணிக்கு அனுப்பிய கோரிக்கை ஞாயிறு மாலை 5 மணிக்கே காலாவதியாகிவிடும், யாரும் அலுவலகத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். வார இறுதியைத் தாண்டும் கோரிக்கைகளுக்கு நாளைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு நிபந்தனை தேவை.

காலாவதியானதும் என்ன நடக்க வேண்டும் என்பதையும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடுத்த படியில் "Configure run after" திறந்து "has timed out" என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கே மாற்று ஒப்புதலாளருக்கான படியை வையுங்கள். வைக்காவிட்டால் அந்தக் கோரிக்கைக்கான படிகளின் ஓட்டம் தோல்வி என்று நின்றுவிடும். அனுப்பியவர் இன்னும் காத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

கால அளவே கொடுக்காமல் விட்டாலும் எல்லை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு ஓட்டம் அதிகபட்சம் 30 நாட்கள்தான் உயிரோடு இருக்கும். 31-ஆம் நாள் மேலாளர் "Approve" அழுத்தினாலும் அடுத்த படி நகராது. அப்போது புதிதாக அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

என் பெயரில் பல கோரிக்கைகள் பல இடங்களில் நிற்கின்றன. எது பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

Jira Service Management பயன்படுத்துபவர்கள் தேடல் பெட்டியில் இதைப் போடலாம்:

```
reporter = currentUser() AND approvals = pending()
AND created <= -2d AND NOT status CHANGED AFTER -2d
```

நீங்கள் எழுப்பியவற்றில், ஒப்புதலுக்காகக் காத்திருப்பவற்றில், இரண்டு நாளாக நிலை மாறாதவை மட்டும் வரும். இங்கே பலர் `updated <= -2d` என்று எழுதிவிடுகிறார்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. நீங்கள் நேற்று போட்ட நினைவூட்டல் கருத்தும் ஒரு மாற்றமாகவே கணக்கில் சேரும். ஆகவே நினைவூட்டிய கோரிக்கைகள் எல்லாம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், அவை ஒரு படி கூட நகர்ந்திருக்காது.

இரண்டு நாட்களாக நகராத வேலைகள் ஒரே மேலாளரிடம் ஐந்தாறு சேர்ந்துவிட்டால் தனித்தனியாக நினைவூட்ட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே செய்தியில், கெடு முந்தி வருவது மேலே இருக்கும்படி வரிசைப்படுத்தி, பதினைந்து நிமிடம் நேரம் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினால், அவர் கேட்கும் கேள்விக்கு அங்கேயே விடை சொல்லலாம். முதலில் வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய லேபிளைத் திறங்கள்.